பிள்ளை பிடிக்க எழுதிய வரிகள்

வசனம் எழுதுவது என் வேலையல்ல. அ, ஆ எழுதப் பழக்குவதுதான் என் வேலை. அதையே முப்பது வருடத்துக்குக் கிட்டச் செய்து, முழங்காலும் போய், தொண்டையும் போய், இனி ஓய்வூதியந்தான் என்று இருந்த காலத்தில் பாடசாலை அதிபர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ரீச்சர், நீங்கள்தான் நல்லாத் தமிழ் எழுதுவீங்கள். பனருக்கு ஒரு வசனமும், துண்டுப் பிரசுரத்துக்கு நாலு வரியும் எழுதித் தாங்கோ. தரம் ஒண்டுக்குப் பிள்ளையள் வேணும்."

வெளியே சோளகக் காற்று மணலை அள்ளிக்கொண்டுவந்து ஜன்னலில் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காற்று அடிக்கிற மாதங்களில்தான் அடுத்த வருடத்துக்கான தரம் ஒன்று விண்ணப்பங்களை எடுப்பார்கள். பனரை எங்கே கட்டினாலும் கிழியும். அதை அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் அவர் இல்லை.

எங்கள் பாடசாலை மன்னார்த் தீவின் கடற்கரையோரத்தில், தலைமன்னார் வீதியிலிருந்து உள்ளே திரும்புகிற ஒரு மீனவர் கிராமத்தில் இருக்கிறது. தரம் ஒன்றிலிருந்து ஐந்துவரைதான். நான் மாற்றலாகி வந்த காலத்தில் ஒரு வகுப்பில் பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பார்கள், கதிரை போதாமல் நீள வாங்கில்களை இழுத்துப் போடுவோம். பிறகு கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான். ஊரில் பிள்ளைகள் இல்லாமல் இல்லை. விடிய ஆறரைக்கு ஒரு வான் வந்து ஊதும். பிள்ளைகளை அள்ளிக்கொண்டு மன்னார் பட்டினத்துப் பெரிய பாடசாலைகளுக்குப் போய்விடும். போன தடவை எங்கள் தரம் ஒன்றில் மூன்று பிள்ளைகள். அதில் ஒன்று தைப்பொங்கலுக்குப் பிறகு அந்த வானில் ஏறிவிட்டது.

வலயக் கல்வி அலுவலகத்தில் அதிபரிடம் சாடைமாடையாகச் சொல்லவில்லை, நேரேயே சொல்லிவிட்டார்களாம். வருகிற வருடமும் தரம் ஒன்றில் போதிய பிள்ளைகள் இல்லையென்றால், அந்த வகுப்பை மூடிப் பாடசாலையைப் பக்கத்து ஊர்ப் பாடசாலையோடு சேர்த்துவிடுவார்கள். சேர்ந்தாலும் போதாது, இரண்டாம் தவணையில் வந்து பார்ப்பார்கள், பிள்ளைகள் நின்றுபிடித்திருக்க வேண்டும். மூடினால் எனக்கு ஒன்றும் வேலை போகாது. எங்கேயாவது மாற்றிவிடுவார்கள். ஆனால் வானுக்குக் காசு கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பெரிய வீதியோரமாக நடந்துதான் போக வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைகள். லொறிகள் கண்மண் தெரியாமல் ஓடுகிற வீதி அது.

"சரி, எழுதித் தாறன்" என்றேன்.

முதலில் எழுதியதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. ஒளி, அறிவு, உயர்வு, வானம், சிறகு எல்லாம் அதில் இருந்தன. ஏற்கெனவே எல்லாப் பாடசாலைச் சுவரிலும் இருக்கிற சாமான்கள்தான். அதிபர் வாசித்துவிட்டு, "நல்லா இருக்கு ரீச்சர்" என்றார். அவர் நல்லாயிருக்கு என்று சொன்ன விதத்திலேயே அது உதவாது என்று தெரிந்தது.

"இதில ஸ்கொலசிப்பைப் பற்றி ஒண்டும் இல்லையே" என்றார் பிறகு.

அதுதான் விசயம். மற்றப் பாடசாலைகளின் பனர்களில் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த பிள்ளைகளின் முகங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு முகத்துக்குக் கீழும் ஒரு எண். வீதியால் போகிறவர்கள் பஸ்ஸிலிருந்தே வாசித்துவிடலாம். எங்களிடம் அப்படிப் போட முகம் இல்லை. இருந்த ஒன்றிரண்டு பேரும் இப்போது கலியாணம் முடித்துவிட்டார்கள்.

"இல்லாததை எப்பிடிப் போடுறது சேர்?"

"போடச் சொல்லேல்ல. சாடையா, 'புலமைப்பரிசில் வகுப்புகள் நடைபெறும்' எண்டு ஒரு வரி..."

"தரம் ஒண்டுக்கு வாற பிள்ளைக்கோ? பால் பல்லே விழேல்ல அதுக்கு."

அவர் என்னைவிட வயதில் இளையவர். நல்ல மனிதர். என் வாயைப் பொறுத்துக்கொள்வதற்கே அவருக்குத் தனியாகச் சம்பளம் கொடுக்கலாம். பெருமூச்சு விட்டுவிட்டு, "அப்ப நீங்களே யோசியுங்கோ" என்றார்.

யோசிக்க நான் ஒன்றும் செய்யவில்லை. கோபந்தான் யோசித்தது. அன்று பாடசாலை விட்டபோது இரண்டாம் தரப் பிள்ளை ஒன்று தவணைப் பரீட்சைத் தாளோடு படலை வாசலில் நின்ற தாயிடம் ஓடியது. தாய் தாளைப் பார்க்கவில்லை, பிள்ளையின் முகத்தையும் பார்க்கவில்லை. "எத்தினை?" என்றாள். பிள்ளை சொன்னது. "மற்றவளுக்கு எத்தினை?" என்றாள் தாய். அவ்வளவுதான். அந்தப் பிள்ளை அன்று காலையில் என்னிடம் வந்து, கடல் தண்ணி உப்பாக இருக்கும்போது மீனை ஏன் உப்புப் போட்டுச் சமைக்கிறார்கள் என்று கேட்டது. நான் விஞ்ஞானம் படித்த ரீச்சரிடம் அனுப்பிவிட்டேன். அந்தக் கேள்வியைப் பற்றி வீட்டில் யாரும் அறியப்போவதில்லை. எனக்கு அந்தத் தாயில் கோபமில்லை. அவளும் அப்படிக் கேட்கப்பட்டுத்தான் வளர்ந்திருப்பாள். நானும் அப்படித்தான் வளர்ந்தேன்.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. கைப்பையிலிருந்த பாடக்குறிப்பின் பின்பக்கத்தில் எழுதினேன். பனருக்கு:

'கேள்வி கேட்கும் பிள்ளை, கூட இருக்கும் பள்ளி.'

துண்டுப் பிரசுரத்துக்கு மூன்று வரி:

'அழுகிற பிள்ளையை முதலில் தூக்குவோம். எழுத்து பிறகு.

பின்னேரம் பிள்ளையிடம் எத்தனை புள்ளி என்று கேட்காதீர்கள். இன்று என்ன கேள்வி கேட்டாய் என்று கேளுங்கள்.

நீங்கள் வந்து கூட்டிப் போகும்வரை உங்கள் பிள்ளையோடு ஓர் ஆசிரியர் இருப்பார்.'

மூன்றாவது வரி தானாகத்தான் வந்தது. 'கூட இருக்கும் பள்ளி' என்று எழுதிவிட்டு, கூட இருப்பது என்றால் என்ன என்று ஒரு வரி வேண்டாமா? எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. எழுத்துக்கு என்ன, அது வீட்டுக்கு நேரத்தோடு போக வேண்டியதில்லை.

அதிபர் இரண்டு தடவை வாசித்தார். "நல்லா இருக்கு" என்றார். இந்தமுறை வேறு மாதிரிச் சொன்னார். பிறகு மூன்றாவது வரியில் விரலை வைத்தார்.

"ரீச்சர், தரம் ஒண்டு மற்ற வகுப்புகளுக்கு முந்தியே விட்டிடும். பிறகு தாய்மார் வரும்வரைக்கும் இருக்கிறது ஆர்?"

"நான்தான். வேற ஆர்?"

"உங்கட பஸ்?"

"அடுத்த பஸ்ஸில போறன்."

வாய்ச்சொல்லில் வீரராக இருப்பது சுகமான காரியம். அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

பட்டினத்தில் பனர் அடிக்கிற கடைக்கு நானே போனேன். அங்கிருந்தவர் கணினியில் எங்கள் வசனத்தைத் தட்டி முடிக்குமுன்பே ஒரு பிள்ளையின் படத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். கழுத்தில் பதக்கம், கையில் கிண்ணம், தலையில் பட்டதாரித் தொப்பி. ஐந்து வயதுப் பிள்ளை.

"இது வேண்டாம்" என்றேன்.

"எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் இதுதான் ரீச்சர் போடுறனாங்கள். இல்லாட்டி ஆக்கள் பள்ளிக்கூடம் எண்டே நினைக்கமாட்டினம்."

"வேற பிள்ளை இல்லையோ? மண்ணில விளையாடுற மாதிரி ஒண்டு?"

அவர் தேடினார். மண்ணில் விளையாடுகிற பிள்ளைகள் சவர்க்கார விளம்பரத்தில்தான் இருந்தார்கள். கடைசியில் படமே இல்லாமல், நீல நிறத்தில் எழுத்து மட்டும் போட்டு அடித்தோம். அவருக்கு என்னில் கொஞ்சம் பரிதாபம் போலிருந்தது.

பனரைப் பாடசாலை வேலியில் கட்டினோம். காற்று ஒரு மூலையைக் கிழித்தது. மற்ற மூலை கட்டியிருந்த கம்பில் ஊர்க் கழுதைகள் முதுகு தேய்த்தன. ஒரு கிழமைக்குள் 'கூட இருக்கும் பள்ளி' கீழே தொங்கிவிட்டது. துண்டுப் பிரசுரத்தை எடுத்துக்கொண்டு நானும் அதிபரும் வீடு வீடாகப் போனோம். இந்த வேலைக்கு ஆசிரியர்கள் எங்களுக்குள் வைத்திருக்கிற பெயர் பிள்ளை பிடித்தல். வெய்யில் குடைக்குள்ளும் வந்து சுடும். கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த தகப்பன்மார் மரியாதையாகக் கதிரை போட்டு, பிளேன்ரீ தந்து, பிரசுரத்தை வாங்கி, மடித்து, சட்டைப் பொக்கற்றில் வைத்தார்கள். ஒருவராவது வாசிக்கவில்லை. "உங்கட பள்ளிக்கூடத்தில ஸ்கொலசிப்புக்கு எத்தினை பேர் பாஸ்?" என்று மட்டும் கேட்டார்கள். நாங்கள் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழும்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்ததும் வாசிக்கிற அறிவித்தலில் எங்கள் வரிகளையும் சேர்க்கச் சொல்லிப் பாதரிடம் கேட்டோம். அவர் மறுக்கவில்லை. யார் யாரை முடிக்கப்போகிறார்கள் என்ற ஒரு கலியாண ஓலைக்கும் கடற்றொழிலாளர் சங்கக் கூட்ட அறிவித்தலுக்கும் நடுவில், எங்கள் மூன்று வரிகளையும், கொண்டுவர வேண்டியவை என்று பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகர் தருகிற ஜீ.எஸ். கடிதம், தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும், ஒரே மூச்சில், ஒரே குரலில் வாசித்து முடித்தார். ஒலிபெருக்கி ஊர் முழுக்கக் கேட்கும். ஆனால் ஆட்கள் அந்த நேரத்தில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் பின்வாங்கிலில் இருந்து பார்த்தேன். களைப்பில் அழுகை வருகிற மாதிரி இருந்தது. ஒரு வசனத்தை எழுதி, அடித்து, கட்டி, சுமந்து, வாசிப்பித்தும், அது ஒரு காதிலும் விழவில்லை.

அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

நேர்முகத்துக்கு ஏழு பேர் வந்தார்கள். ஏழு! அதிபர் வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். தரம் ஒன்றுக்குப் பிள்ளையைச் சோதிக்கக் கூடாது, பெற்றாரின் பத்திரங்களைத்தான் பார்க்க வேண்டும். இடம் தாராளமாக இருந்தபடியால் அதுவும் ஒரு சடங்குதான். ஆனால் வந்த தாய்மார் ஒவ்வொருவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"ரீச்சர், நாங்கள் வாறமட்டும் பிள்ளையை வச்சிருப்பியளோ? மெய்யாத்தானோ?"

கேள்வி கேட்கும் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர்களில் பாதிப்பேர் நண்டு துப்பரவாக்கி அனுப்புகிற இடத்தில் வேலை செய்கிறவர்கள். ஓட்டை உடைத்துச் சதையை எடுக்கிற வேலை. பின்னேரந்தான் விடுவார்கள். பட்டினத்துப் பாடசாலை பத்து மணிக்கும் பதினொன்றுக்கும் பிள்ளையை விட்டுவிட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்? என் வரிகளில் அவர்களைப் பிடித்தது தூக்குவோம் என்பதுமல்ல, கேளுங்கள் என்பதுமல்ல. இருப்பார் என்பதுதான். எனக்குச் சந்தோசமாகவும் இருந்தது, கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. நல்ல வரியை விட்டுவிட்டு என் பஸ்ஸைப் பிடித்துக்கொண்டார்களே!

கடைசியாக வந்தவள் பெருநிலத்திலிருந்து கலியாணம் முடித்து இங்கே வந்தவள். அவளுடைய அம்மம்மா காலத்தில் மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். பேச்சில் பாதி எங்கள் ஊர், பாதி அந்தப் பக்கம். எழுத்து வாசிப்பு அவ்வளவு தெரியாது என்று தானே சொன்னாள். விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். வீடு கோயிலுக்குப் பின்பக்கம், ஒலிபெருக்கியில் கேட்டுத்தான் வந்தாளாம். கையில் பத்திரங்களை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்தாள். எல்லாம் சரியாக இருந்தது. எழும்புகிற நேரத்தில் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"ரீச்சர், சனி ஞாயிறும் கேக்கணுமா? இல்ல, பள்ளிக்கூடம் இருக்கிற நாளில மட்டுமா?"

எதைக் கேட்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. பசி வேறு. அதிபரும் பத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். "பள்ளிக்கூட நாளில கேட்டாக் காணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

புதுவருடத்தில் தரம் ஒன்றுப் பிள்ளைகளை வரவேற்கிற கால்கோள் விழா நடந்தது. ஏழு பிள்ளைகளுக்கும் மாலை போட்டோம், பலூன் கட்டினோம். ஆறு பேர் அழுதார்கள். அழுகிற பிள்ளையை முதலில் தூக்குவோம் என்று எழுதியவள் ஒரே நேரத்தில் எத்தனை பேரைத் தூக்குவது? இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, சேலைத் தலைப்பில் ஒன்று. அதிபரும் ஒன்றைத் தூக்கினார், அது அவருடைய சட்டையில் மூக்கைத் துடைத்தது.

அழாமல் இருந்தவள் அந்தக் கடைசித் தாயின் மகள். சின்ன உருவம், பெரிய வாய். முதல்நாளே, "ரீச்சர், ஏன் பலூனுக்குள்ள காத்தை அடைச்சு வச்சிருக்கிறியள்? வெளியிலயும் காத்துத்தானே இருக்குது?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. மாசியில் சிரிப்பு வரவில்லை. பங்குனியில் அவள் வாயைத் திறந்தாலே எனக்குத் தலையிடித்தது.

ஏனென்றால், மற்றப் பிள்ளைகளுக்கு மெல்ல மெல்ல வழி பிறந்துவிட்டது. ஒன்றை மாமி வந்து கூட்டிக்கொண்டு போனாள். ஒன்றின் அண்ணன் மூன்றாம் தரத்திலிருந்தான், அவனோடு போய்விடும். இரண்டு தாய்மார் காலை வேலைக்கு மாறிக்கொண்டார்கள். இன்னும் இரண்டைப் பக்கத்து வீட்டுக்காரர் கூட்டிக்கொண்டு போனார்கள். கடைசியில் எஞ்சியவள் இவள் மட்டும். தகப்பன் கடலுக்குப் போனால் பின்னேரந்தான் கரையேறுவான். உறவென்று இந்த ஊரில் யாரும் இல்லை. ஒவ்வொரு நாளும் வகுப்பைப் பூட்டி, வேப்பமரத்தின் கீழ் வாங்கிலைப் போட்டு, நானும் அவளும் இருப்போம். மற்ற ஆசிரியர்கள் கையசைத்துவிட்டு என் பஸ்ஸில் போவார்கள். அதிபர் சிலநாள் இருப்பார், சிலநாள் வலயத்துக்குக் கூட்டமென்று போய்விடுவார். காலையில் அரசாங்கச் சாப்பாடு பிள்ளைகளுக்குத்தான். எனக்கு மத்தியானச் சாப்பாடு வீட்டில். வீட்டுக்குப் போய்ச் சேர நாலு மணி தாண்டும். ஆறிய சோற்றை நின்றபடியே தின்றுவிட்டுப் படுத்துவிடுவேன். என் மகள் தொலைபேசியில் ஏசினாள். "உங்களுக்கு ஆர் சொன்னது அப்பிடி எழுத?" என்றாள். ஒருவரும் சொல்லவில்லை. நுணலும் தன் வாயால் கெடும்.

அதிபரிடம் ஒருநாள் முறையிட்டேன்.

"அந்த வரியை எடுத்துப்போடுவமோ ரீச்சர்?" என்றார் அவர், மிகக் கவனமாக.

"எடுக்கிறது லேசு. பிள்ளையை என்ன செய்யிறது?"

இரண்டாம் தவணைக்கு வலயத்திலிருந்து வந்து பார்க்க இன்னும் நாள் இருந்தது. அவளை நிறுத்திவிட்டால் மற்றத் தாய்மாரும் வரியை நம்பமாட்டார்கள் என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் எனக்கு முடியவில்லை. உண்மையில் முடியவில்லை. அன்றிரவு முடிவெடுத்துவிட்டேன்: நாளைக்குத் தாய் வந்ததும் சொல்லிவிடுவது. 'வாற கிழமையிலிருந்து வேற ஒழுங்கு செய்யும் பிள்ளை. எனக்கு ஏலாமல் கிடக்கு.' எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் போகும்போதும் மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். கடுமையில்லாமல், ஆனால் மறுபேச்சுக்கு இடமில்லாமல். அதுவும் ஒரு வசனம் எழுதுகிற வேலைதான்.

அடுத்தநாள் நல்ல வெய்யில். காற்றே இல்லை. நாங்கள் இருவரும் வாங்கிலில் இருந்தோம். அவள் தாய் கட்டிக் கொடுத்திருந்த ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டு வழக்கம்போலக் கேட்டாள். கழுதைகள் ஏன் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன? வேப்பங்காய் கைக்கும், காகம் ஏன் தின்னுது? நான் 'ம்' கொட்டினேன். பிறகு அவள் ரொட்டியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"ரீச்சர், உங்களுக்குப் பசிக்காதோ?"

"பசிக்காது. நீ தின்."

"ஏன் பசிக்காது?"

"பெரிய ஆக்களுக்குப் பசிக்காது. கதைக்காமல் தின்."

அவள் கதைக்காமல் தின்றாள். நான் சொல்ல வேண்டியதை மீண்டும் ஒருமுறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன்.

தாய் வழக்கத்தைவிடப் பிந்தித்தான் வந்தாள். ஓடி வந்திருந்தாள். விரல்களெல்லாம் நண்டு ஓடு கீறின கோடுகள், கழுவியும் போகாத கடல்மணம். "மன்னிச்சுக்கங்க ரீச்சர், இன்னைக்கு லோட் கூட" என்றாள். நான் எழும்பி, தொண்டையைச் செருமினேன்.

ஆனால் நான் வாய் திறக்குமுன்பே அவள் மகளின் முன் குந்தினாள். புத்தகப் பையை வாங்கித் தோளில் போட்டாள். பிறகு, மந்திரம் சொல்கிற மாதிரி, பயபக்தியோடு, ஒரு எழுத்துத் தவறாமல் கேட்டாள்:

"இன்று என்ன கேள்வி கேட்டாய்?"

அவள் அப்படிப் பேசுகிறவள் அல்ல. அது என் வரி. கோயில் ஒலிபெருக்கியில் வந்த அதே எழுத்துத் தமிழ். எனக்கு அப்போதுதான் நேர்முகத்தன்று அவள் கேட்டது விளங்கியது. பிறப்புச் சான்றிதழ், ஜீ.எஸ். கடிதம், தடுப்பூசி அட்டை என்று ஒரே மூச்சில் வாசித்ததில், இதையும் பள்ளிக்கூடத்தின் நிபந்தனைகளில் ஒன்று என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். கேட்காவிட்டால் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்று. அதனால் தைமாதத்திலிருந்து ஒவ்வொரு நாளும், வீட்டுக்குப் போகிற வழியில் கேட்டிருக்கிறாள். அன்று பிந்திய பதற்றத்தில், மறந்துபோகுமுன் என் முன்னாலேயே கேட்டுவிட்டாள்.

ஊர் முழுக்க வாசித்த வரியை ஒருத்தி கேட்டிருக்கிறாள். எழுதியவள் நானே அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

மகள் யோசிக்கவே இல்லை.

"ரீச்சருக்குப் பசிக்காதோ எண்டு கேட்டனான்."

"ரீச்சர் என்ன சொன்னாங்க?"

"பசிக்காதெண்டு சொன்னவ." கொஞ்சம் நிறுத்தி, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, தாயின் காதுக்குள் சொல்வதாக நினைத்து உரத்துச் சொன்னாள்: "பொய், அம்மா. ரீச்சரின்ர வயிறு சத்தம் போட்டது."

தாய் அவளுடைய கையில் ஒரு அடி போட்டாள். "ரீச்சரை அப்படிச் சொல்றதா?" என்றாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது தெரிந்தது. அந்த வாங்கில், பூட்டிய வகுப்பு, போய்விட்ட பஸ், எல்லாம். அவளுடைய முகம் சுருங்கிப்போனது. இத்தனை மாதமும் அந்த வரியில் இருந்த 'ஓர் ஆசிரியர்' என்பவர் சாப்பிடாமல் இருக்கிற ஒரு ஆள் என்று அவள் நினைத்திருக்கவில்லை. நானும் அதைச் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு. இத்தனை மாதத்தில் என்னிடம் அதைக் கேட்ட ஒரே ஆள் ரொட்டி தின்றுகொண்டிருந்தவள்தான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் முடியவில்லை.

"ஓம் பிள்ளை, பசிக்குது" என்றேன் அந்தச் சின்னவளிடம். "நீ கேட்டது சரிதான்."

அவள் வெற்றி பெற்ற முகத்தோடு தாயைப் பார்த்தாள். கையிலிருந்த ரொட்டித் துண்டை, அதில் பாதிக்கு மேல் கடித்திருந்தாள், என்னிடம் நீட்டினாள். வாங்கித் தின்றேன். தேங்காய்ப்பூப் போட்ட கெட்டி ரொட்டி, உப்புக் கொஞ்சம் கூட.

மறுநாள் அவளுடைய பையில் இரண்டு பொதிகள் இருந்தன. பெரியது எனக்கு. இப்போதும் அப்படித்தான். வலயத்திலிருந்து வந்து பார்த்தார்கள். ஏழு பிள்ளைகளும் இருந்தார்கள். வகுப்பு இருக்கிறது. முழங்கால் அதே முழங்கால், பஸ் அதே பஸ். களைப்புக் குறைந்தது என்று சொன்னால் அது பொய். வேலியிலிருந்த பனர் ஒருவழியாகக் கிழிந்து விழுந்தபோது, புதியதுக்கு வேறு வசனம் எழுதுவமோ என்று அதிபர் கேட்டார். அதையே அடிக்கச் சொன்னேன். தாயிடம் சொல்வதற்கென்று நான் எடுத்துப்போன வசனத்தை இதுவரை சொல்லவில்லை.